ஒரு நீட் பயாலஜி கைடு ரிவ்யூ: 100 கேள்வி நானே போட்டுப் பார்த்தேன்

1/
நீளமான இழை. வீட்டில் நீட்டுக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் முழுசா படிங்க. இல்லாதவங்க, இருக்கிற வீட்டுக்கு அனுப்புங்க.

எங்க வார்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரா ஒரு அக்கா வேலை பார்க்கிறாங்க. போன மாசம் நைட் டூட்டியில் ஒரு துணிப்பையோட வந்தாங்க. "பாப்பாவுக்கு புக்கு வாங்கியிருக்கேன் மேடம். நல்ல புக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

2/
உள்ளே ஒரு தடிமனான நீட் பயாலஜி கைடு. தமிழ், ஆங்கிலம் ரெண்டும் சேர்ந்தது. விலை 1,150 ரூபாய். அந்த அக்காவுக்கு ரெண்டு நாள் கூலிக்கு மேல். அட்டையில் "3,000 கேள்விகள், முழு விளக்கத்துடன்" என்று போட்டிருக்கு.

பொண்ணு அரசுப் பள்ளி, பிளஸ் டூ. கோச்சிங் எதுவும் போகல. இந்தப் புத்தகம்தான் அவளுக்கு வாத்தியார்.

3/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் நீட் யூஜி எழுதினவ இல்ல. பிளஸ் டூ மார்க்கை வைச்சு எம்பிபிஎஸ் சீட் கொடுத்த காலத்தில் உள்ளே வந்தவ. ஆனா பி.ஜி. நுழைவுத் தேர்வுக்காக வருஷக்கணக்கா எம்சிக்யூ புத்தகங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். கைடு எங்கெங்க சறுக்கும்னு அந்த வழியில் கொஞ்சம் தெரியும்.

கைடு பேரையும் பதிப்பகத்தையும் இங்க போடல. நான் பார்த்தது ஒரே ஒரு பிரதி, அதிலும் பயாலஜி மட்டும். நான் சொல்லப்போறது நீங்க கையில் வைச்சிருக்கிற எந்த கைடையும் சோதிச்சுப் பார்க்கிற முறை.

4/
என்ன செய்தேன்? மனித உடற்செயலியலில் நாலு பாடம் எடுத்தேன்: சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், ஹார்மோன். பாடத்துக்கு 25 கேள்வி. விடைப் பக்கத்தைப் பார்க்காமல் நானே போட்டேன். அப்புறம் கைடு விடையோட ஒப்பிட்டேன். ரெண்டும் வேற வேறயா இருந்த இடத்தில் என்சிஇஆர்டி புத்தகத்தைத் திறந்தேன்.

டூட்டிக்கு நடுவில் நாலு ராத்திரி ஆச்சு.

5/
ஏன் என்சிஇஆர்டி? நீட் கேள்வி அதை ஒட்டித்தான் வருது. டாக்டர் அறிவு இங்க சில சமயம் இடைஞ்சல்.

உதாரணம்: நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் எவ்வளவுன்னு ஒரு கேள்வி. நான் பழக்கத்தில் 100 போட்டேன். எங்க மருத்துவப் புத்தகங்களில் சுமார் 100 என்றுதான் பேசுவோம். கைடு 104 என்றது. என்சிஇஆர்டி அட்டவணையில் 104 தான். கைடு சரி, நான் தப்பு. அந்த மார்க் எனக்குப் போச்சு.

6/
இப்போ ரிசல்ட். முதல்ல விடைகளின் சரித்தன்மை.

100-ல் 8 விடை தப்பு. "92 சரிதானே, பரவாயில்லையே"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு பென்சிலில் போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்த 8-ல் 5 கேள்விக்கு அவ முதல்ல சரியாத்தான் போட்டிருக்கா. கைடு விடையைப் பார்த்துட்டு, தன் விடையை அடிச்சுட்டு, தப்பானதை எழுதி வைச்சிருக்கா.

இந்த இழை எழுதக் காரணமே அந்த அஞ்சு அடித்தல்தான்.

7/
அதில் ஒண்ணை முழுசா சொல்றேன். ரத்த ஓட்டப் பாடத்தில் ஒரு கணக்கு:

"இதய விரிவின் முடிவில் வெண்ட்ரிக்கிளில் 120 மி.லி. ரத்தம் இருக்கிறது. சுருக்கத்தின் முடிவில் 50 மி.லி. இருக்கிறது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 80. இதய வெளியீடு எவ்வளவு?"

வழி சிம்பிள். சுருங்குறதுக்கு முன்னாடி 120, சுருங்கின பிறகு மிச்சம் 50. அப்போ ஒரு துடிப்பில் வெளியே போனது 70 மி.லி. நிமிடத்துக்கு 80 துடிப்பு. 70 × 80 = 5,600 மி.லி. அதாவது 5.6 லிட்டர்.

8/
கைடு விடை 9.6 லிட்டர். விளக்கத்தில் "120 × 80 = 9,600 மி.லி." என்று ஒரே வரி. கழிக்கவே மறந்துட்டாங்க.

அவ நோட்டில் 120 − 50 = 70 என்று போட்டு, அழகா 5.6 என்று எழுதியிருந்தா. மேலே ஒரு கோடு. பக்கத்தில் 9.6. ஓரத்தில் குட்டியா, "மொத்த ரத்தத்தையும் எடுக்கணும், கழிக்கக் கூடாது".

ஒரு தப்பு விடை அவ கையில் ஒரு தப்பு விதியா மாறிடுச்சு. இனிமே இதே மாதிரி எந்தக் கணக்கு வந்தாலும் அவ கழிக்க மாட்டா.

9/
இந்தத் தப்பை டாக்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஓய்வில் இருக்கிற மனுஷனுக்கு இதய வெளியீடு சுமார் 5 லிட்டர்னு அதே பாடத்தில் இருக்கு: 70 மி.லி., 72 துடிப்பு. இந்தக் கணக்கில் துடிப்பு 80, கொஞ்சம்தான் கூட. அப்போ விடை 5-க்குப் பக்கத்தில்தான் வரணும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்தால் எங்கயோ இடிக்குது.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 9.6 சரின்னா, ஒவ்வொரு துடிப்பிலும் 120 மி.லி.யும் வெளியே போகணும். உள்ளே ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது. ஆனா மிச்சம் 50 இருக்குன்னு கேள்வியே சொல்லுதே!

எக்கோ ரிப்போர்ட்டில் இஎஃப் 58% என்று பார்த்திருப்பீங்க. 120-ல் 70 வெளியே போனால் வர்ற கணக்கு அதுதான். 100% இஎஃப் உள்ள இதயத்தை நான் இதுவரை பார்த்ததில்ல.

10/
அடுத்து, 8-ல் 5 தப்பு ஒரே காரணத்தால் வந்தது. கழிவு நீக்கப் பாடத்தில் 41-லிருந்து 46 வரைக்கும் விடை வரிசை ஒரு எண் நகர்ந்திருக்கு. 41-க்குப் போட்டிருக்கிற விடை உண்மையில் 42-ஓடது. 42-க்குப் போட்டது 43-ஓடது. ஆறு கேள்வியில் ஒண்ணு மட்டும் அதிர்ஷ்டத்தில் ஒத்துப்போச்சு, மத்த அஞ்சும் அவுட்.

புது பதிப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்துட்டு, விடைப் பட்டியலைச் சரி பண்ணாம விட்டா இப்படித்தான் ஆகும். பி.ஜி. புத்தகங்களிலும் இதே கதையைப் பார்த்திருக்கேன்.

11/
எப்படிக் கண்டுபிடிக்கிறது? நல்லா படிச்ச பாடத்தில் திடீர்னு தொடர்ந்து நாலஞ்சு தப்பு வந்தால், உடனே உங்களைத் திட்டிக்காதீங்க. உங்க விடையை அடுத்த எண்ணோட விடையில் தேடுங்க, முந்தின எண்ணிலும் தேடுங்க. வரிசையா பொருந்தினால் நகர்ந்தது கைடு.

விளக்கத்தையும் பாருங்க. 41-வது கேள்வி ரெனின் எங்க சுரக்குதுன்னு கேட்குது. அதுக்குக் கீழ விளக்கம் ஹென்லே வளைவைப் பத்திப் பேசுது. அங்கயே தெரிஞ்சிடும்.

12/
மிச்ச ரெண்டில் ஒண்ணு மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் தவறான கூற்றைக் கேட்கிறாங்க. தமிழில் "சரியான கூற்று எது?" என்று அச்சாகியிருக்கு. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு நாலில் மூணு சரியா இருக்கும். எதைப் போடுவா பாவம்?

ஒரு கேள்வியில் மூணு விடை சரியாத் தெரிஞ்சால், பக்கத்தில் இருக்கிற ஆங்கிலக் கேள்வியில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பாருங்க. தேர்வு ஹாலிலும் இந்தப் பழக்கம் உதவும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதின்னு நீட் விதியே சொல்லுது.

13/
இது சின்ன விஷயம் இல்ல. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்வியில் மொழிபெயர்ப்புப் பிழைன்னு வழக்கு போச்சு. மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு மார்க்கும் வரல.

அரசாங்கத் தேர்வுத் தாளிலேயே இப்படின்னா, கைடில் எவ்வளவு கவனமா இருக்கணும்?

14/
இன்னொண்ணு இதய ஒலி. 'லப்' சத்தம் அரைச்சந்திர வால்வு மூடுறதால் வருதுன்னு விடை. தப்பு. மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடும்போது வர்றது 'லப்'. அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது வர்றது 'டப்'. இதையும் அவ முதல்ல சரியாப் போட்டு, அப்புறம் மாத்தியிருந்தா.

நீட்டில் சரியான விடைக்கு +4, தப்புக்கு −1. தெரிஞ்ச ஒண்ணைத் தெரியாததா ஆக்கினால், அந்த ஒரு கேள்வியில் 5 மார்க் வித்தியாசம்.

15/
ரெண்டாவது, விளக்கங்கள். அட்டையில் "முழு விளக்கத்துடன்" என்று இருக்கே. எண்ணிப் பார்த்தேன்.

100-ல் 42 கேள்விக்கு விளக்கமே இல்ல, வெறும் எழுத்து: (அ), (இ). 30 கேள்விக்கு "விளக்கம்" என்ற பேரில் விடையையே வாக்கியமா எழுதியிருக்காங்க. 7 விளக்கம் தப்பு, இல்லன்னா குழப்பும். படிச்சா நிஜமாவே ஏதாவது புரியுறது 21.

16/
விடையையே திருப்பிச் சொல்றதுன்னா எப்படி? கேள்வி: "ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்புக்குத் தடையாகச் செயல்படுவது எது?" விடை: ஏஎன்எஃப். விளக்கம்: "ஏஎன்எஃப் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்புக்குத் தடையாகச் செயல்படுகிறது."

நன்றி. இதுக்கு எதுக்கு ஒரு புத்தகம்?

17/
நல்ல விளக்கம் எப்படி இருக்கணும்னா: சிறுநீரகத்தில் வடிகட்டல் குறைஞ்சால் ரெனின் சுரக்குது. அதனால் ஆஞ்சியோடென்சின் II உருவாகுது. அது ரத்தக் குழாயைச் சுருக்கும், ஆல்டோஸ்டிரோனைக் கிளப்பும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தையும் தண்ணியையும் உள்ளே பிடிச்சு வைக்கும். மொத்தத்தில் ரத்த அழுத்தம் ஏறும்.

அழுத்தம் ஏறி இதயத்துக்கு வர்ற ரத்தம் கூடினால், ஏட்ரியம் ஏஎன்எஃப்-ஐ விடும். அது ரத்தக் குழாயை விரிக்கும், அழுத்தம் இறங்கும். மத்த மூணு விருப்பமான ஆஞ்சியோடென்சின் II, ஆல்டோஸ்டிரோன், ஏடிஹெச் எல்லாமே அழுத்தத்தை ஏத்துற பக்கம். அதனால் அவை விடை இல்ல.

இதைப் படிச்ச பிள்ளைக்கு ஒரே கேள்வியில் நாலு கேள்விக்கு விடை தெரிஞ்சிடும்.

18/
வெறும் விளக்கமின்மையை விட மோசம், சரியான விடைக்குத் தப்பான விளக்கம். ஏன்னா விடை டிக் ஆனதும் யாரும் விளக்கத்தைச் சந்தேகப்பட மாட்டாங்க.

சுவாசப் பாடத்தில் ஒண்ணு. ஆக்சிஜன்-ஹீமோகுளோபின் வளைகோடு எப்போ வலது பக்கம் நகரும்? கைடு விடை: கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் அயனி, வெப்பநிலை கூடும்போது. சரி.

விளக்கம்: "அப்போது ஹீமோகுளோபின் அதிக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது." நேர் எதிர்!

19/
வலது பக்கம் நகர்ந்தால் ஹீமோகுளோபினோட பிடி தளருதுன்னு அர்த்தம். ஓடிக்கிட்டிருக்கிற காலோட தசையை நினைச்சுப் பாருங்க. சூடா இருக்கு, அமிலம் கூடியிருக்கு, கார்பன் டை ஆக்சைடு நிறைய. ஆக்சிஜன் அவசரமாத் தேவைப்படுற இடம் அது. அங்க ஹீமோகுளோபின் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா தசைக்கு என்ன கிடைக்கும்? விட்டுக் கொடுக்கணும். விட்டுக் கொடுக்குது.

நுரையீரல் காற்றறையில் நிலைமை தலைகீழ். ஆக்சிஜன் அதிகம், கார்பன் டை ஆக்சைடு கம்மி, ஹைட்ரஜன் அயனி கம்மி, வெப்பநிலை கம்மி. அங்க பிடி இறுகும்.

20/
இப்போ அதே பாடத்தில் ஆறு கேள்வி தள்ளி, "காற்றறையில் ஆக்சிஹீமோகுளோபின் உருவாக ஏற்ற சூழல் எது?" என்று ஒரு கேள்வி. முதல் விளக்கத்தை நம்பின பிள்ளை "கார்பன் டை ஆக்சைடு அதிகம்" என்று போடுவா. நம்ம பொண்ணும் அதான் போட்டிருந்தா.

அவ நல்லாப் படிச்சதுதான் அவளுக்கு வினையா வந்துச்சு. விளக்கத்தைப் படிக்காம மேலோட்டமா டிக் அடிச்சிருந்தா தப்பிச்சிருப்பா.

21/
மூணாவது, பயிற்சிக் கேள்விகள்.

முதல் பிரச்சினை, பழைய சிலபஸ். செரிமானம், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் எல்லாம் 2024-லிருந்தே நீட் சிலபஸில் இல்ல. இந்த கைடில் எல்லாம் முழுசா இருக்கு, "புதிய பதிப்பு" என்ற பேரோட.

நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறவங்களுக்கு செரிமானம் பள்ளித் தேர்வுக்கு வேணும், அது வேற. நீட்டுக்குன்னு அதில் ஒரு வாரம் போட்டால் வீண்.

22/
பதிப்பு விஷயத்தில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும்னு 2024 நீட் பிசிக்ஸ் கேள்வி ஒண்ணு காட்டிச்சு. அணுக்களின் நிலைத்தன்மை பத்தின கூற்று. பழைய என்சிஇஆர்டியில் எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்கிற மாதிரி இருந்தது. புதுசில் பெரும்பாலானவை என்று மாத்திட்டாங்க.

பழசைப் படிச்சவங்களுக்காக முதல்ல ரெண்டு விடைக்கும் மார்க் கொடுத்தாங்க. விஷயம் உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லி நிபுணர்கள் பார்த்து, ஒரே விடைதான் சரின்னு முடிஞ்சது. முழு மார்க் வாங்கினவங்க எண்ணிக்கை 61-லிருந்து 17-க்கு இறங்கினதுக்கு இதுதான் பெரிய காரணம்.

பழைய பதிப்பு கைடு மலிவாக் கிடைக்குதுன்னு வாங்குறவங்க இதை மனசில் வைங்க.

23/
ரெண்டாவது பிரச்சினை, மாதிரித் தேர்வு. பின்னாடி இருக்கிற தேர்வுகள் 200 கேள்வி, அதில் 180-க்கு விடை என்கிற முறையில் இருக்கு. அது 2024 வரைக்கும்தான். 2025 நீட் 180 கேள்வி, எல்லாத்துக்கும் விடை, 3 மணி நேரம். பயாலஜி 90.

சாய்ஸை நம்பிப் பழகின பிள்ளை, சாய்ஸ் இல்லாத தாளைப் பார்த்தால் தடுமாறும். நேரக் கணக்கும் மாறிடும்.

24/
மூணாவது, கேள்வியின் வகை. நான் போட்ட 100-ல் 80-க்கு மேல் ஒரு வரிக் கேள்வி: "இது எங்க சுரக்குது, அது எவ்வளவு?" இப்போ நீட்டில் ரெண்டு கூற்று கொடுத்து எது சரின்னு கேட்கிறது, பொருத்துக, கூற்று-காரணம் எல்லாம் நிறைய வருது. அது மாதிரி இங்க ரொம்பக் கம்மி.

அதோட ஒரே கேள்வி வார்த்தை மாறி ரெண்டு, மூணு தடவை வருது. 3,000 என்ற எண்ணிக்கை அப்படித்தான் நிரம்புது.

25/
நல்லதையும் சொல்லணும். படங்கள் தெளிவா இருக்கு. நெஃப்ரான் படமும் இதயப் படமும் குறிப்புகளோட சரியா இருக்கு. ஹார்மோன் அட்டவணை ரெண்டு பக்கத்தில் அருமையாச் சுருக்கியிருக்காங்க, நான் தேடியும் தப்பு கிடைக்கல. முந்தைய வருஷக் கேள்விகளைப் பாடவாரியாப் பிரிச்சிருக்கிறது உண்மையிலேயே உதவும்.

26/
நாலாவது, விலைக்குத் தகுந்த மதிப்பு.

1,150 ரூபாயில் நீங்க எதுக்குக் காசு கொடுக்கிறீங்க? என்சிஇஆர்டி புத்தகமும், அவங்களோட எக்ஸெம்ப்ளர் கேள்விப் புத்தகமும் அவங்க தளத்தில் இலவசம். முந்தைய வருஷ வினாத்தாளும் இறுதி விடைக் குறிப்பும் தேடினால் இலவசமாவே கிடைக்கும். அப்போ கைடில் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: நம்பகமான விளக்கம்.

அதுதான் இங்க 100-ல் 21. இதே கணக்கு புத்தகம் முழுக்க நீடிச்சால், 3,000-ல் சுமார் 630 கேள்விக்குத்தான் நீங்க கொடுத்த காசு வேலை செய்யுது.

27/
என் தீர்ப்பு.
விடைகள்: தனியாப் படிக்கிற பிள்ளைக்கு ஆபத்து.
விளக்கங்கள்: அட்டை சொன்னதில் கால்வாசிகூட இல்ல.
பயிற்சி: ஞாபகத்தைச் சோதிக்கும், யோசனையைச் சோதிக்காது.
விலை: பாதி விலைக்குக் கிடைத்தால்கூட யோசிப்பேன்.

28/
"எல்லா கைடிலும் நாலு தப்பு இருக்கத்தான் செய்யும், அதுக்கு இவ்வளவா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அவர் பையன் பெரிய கோச்சிங்கில் படிக்கிறான். அவனுக்கு 9.6 என்று வந்தால் மறுநாள் சார்கிட்ட காட்டுவான். சார் "அச்சுப் பிழை, அடிச்சுட்டு 5.6 போடு" என்பார். அஞ்சு நிமிஷ வேலை.

நம்ம பொண்ணு யார்கிட்ட கேட்பா? அச்சில் வந்துட்டா அது சரின்னு நம்புவா, தன்னைத்தான் தப்புன்னு நினைப்பா. அதனால கைடில் இருக்கிற பிழை எல்லாருக்கும் சமமா வலிக்காது. கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் முழு வலியும். இந்த கைடை நம்பி வாங்குறதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.

29/
பதிப்பகத்துக்குப் பக்க எண்ணோட மெயில் போட்டேன். "அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி பதில். இந்தப் பதிப்பை ஏற்கெனவே வாங்கினவங்க? ஒரு பக்கத் திருத்தப் பட்டியலை இணையத்தில் போட ஒரு மணி நேரம் போதும். கடைக்குப் போற பிரதியில் ஒரு சீட்டு சொருகினால் போதும். அதைச் செய்யாத பதிப்பகத்தோட அடுத்த பதிப்பையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

30/
வாங்குறதுக்கு முன்னாடி கடையில் 20 நிமிஷம் நில்லுங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.

சிலபஸ் பாருங்க. செரிமானமும் கனிம ஊட்டமும் நீட் பாடமா உள்ளே இருந்தால், பதிப்பு ஆண்டு எதுவா இருந்தாலும் அது பழைய புத்தகம்தான்.

பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பாடத்தில் பத்து கேள்வி போடச் சொல்லுங்க, அதில் ரெண்டு கணக்கா இருக்கட்டும். கைடு விடையோட ஒப்பிடுங்க. தெரிஞ்ச பாடத்திலேயே விடை இடிச்சால் கீழே வைச்சுடுங்க.

அப்புறம் ஏதாவது மூணு விளக்கம் படிங்க. மத்த மூணு விருப்பம் ஏன் தப்புன்னு ஒரு வரியாவது இருக்கா? இல்லன்னா நீங்க வாங்குறது வெறும் கேள்வித் தொகுப்பு.

31/
ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? தூக்கிப் போட வேணாம். கேள்விகளைப் போடுங்க. விடை வேற மாதிரி வந்தால் உங்க விடையை அடிக்காதீங்க, ஒரு வட்டம் மட்டும் போடுங்க. ஒரு தனி நோட்டில் நாலு விஷயம் எழுதுங்க: கேள்வி எண், உங்க விடை, கைடு விடை, என்சிஇஆர்டி பக்கம்.

புத்தகத்தில் விடை கிடைச்சால் அதுதான் முடிவு. கிடைக்காததை மட்டும் வாரம் ஒரு தடவை பள்ளி பயாலஜி டீச்சர்கிட்ட காட்டுங்க. ஒரு கைடு முழுக்கக் கொண்டுபோனால் அவங்களுக்கு நேரம் இருக்காது. ஏழெட்டு வட்டத்துக்கு நிச்சயம் இருக்கும்.

32/
நம்ம பொண்ணு இப்போ அந்த நோட்டு போடுறா. ஞாயிற்றுக்கிழமை அம்மாகிட்ட கொடுத்து விடுவா, என் டூட்டி அன்னிக்கு நான் பார்த்துத் தருவேன். முதல் வாரம் 11 வட்டம். அதில் 7 அவ தப்பு, 4 கைடு தப்பு.

"நாலு மேடம்!"ன்னு போனில் கத்தினா. அந்த நாலை நானும் புத்தகத்தோட ஒப்பிட்டேன். நாலும் சரிதான். அதோட 9.6-க்கு மேலே ஒரு கோடு போட்டு, திரும்ப 5.6 எழுதிட்டாளாம்.

33/
கடைசியா டாக்டர்களுக்கும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கும். உங்க வார்டிலும் பிள்ளைகளைத் தனியாப் படிக்க வைக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க. பிள்ளை எந்த கைடில் படிக்குதுன்னு கேளுங்க. ரெண்டு பாடத்தில் விடைப் பக்கத்தை மட்டும் செக் பண்ணிக் கொடுங்க. என்சிஇஆர்டியைப் பக்கத்தில் வைச்சுக்கங்க, இல்லன்னா என்னை மாதிரி 100 போட்டுடுவீங்க.

முற்றும்.